டி டிரைவிலிருந்து ஒன்டிரைவுக்கு: அறுந்துபோன கிளிப்புகளும் படங்களும்

கேள்வி: எங்கள் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவை பிரீமியர் புரோவிலும் ஆல்பத்தை இன்டிசைனிலும் செய்கிறோம். டி டிரைவ் நிரம்பிவிட்டதால் ஒரு கல்யாணத்தின் எல்லாக் கோப்புகளையும் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் மாற்றினேன். இப்போது வீடியோ முழுக்கச் சிவப்பாக வருகிறது. ஆல்பத்தில் எல்லாப் படங்களிலும் கேள்விக்குறி. கோப்புகள் கோப்புறையில் இருக்கின்றன, கண்ணால் பார்க்கிறேன். ஒவ்வொன்றாக இணைக்க வேண்டுமா? இனிமேல் இப்படி ஆகாமல் எப்படி மாற்றுவது?

ஒவ்வொன்றாக இணைக்க வேண்டாம். இரண்டையும் இப்போதைக்குச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். வீடியோவின் .prproj கோப்பையும் ஆல்பத்தின் .indd கோப்பையும் ஒரு முறை நகலெடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள். அதன் பிறகு எதைச் செய்து பார்த்தாலும் பயமில்லை.

நான் 17 ஆண்டுகளாக எடிட்டிங் அறைகளில் இருக்கிறேன். அதில் எடிட்டிங் செய்ததைவிட மற்றவர்களின் கோப்புகளைத் தேடிக் கொடுத்ததுதான் அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுக்கு இருப்பது ஒரு சிக்கல் அல்ல, இரண்டு. முதலாவது இப்போது சிவப்பாகத் தெரிகிறது. இரண்டாவது இன்னும் தெரியவில்லை. முதலாவதைச் சரிசெய்து பத்து நாள் கழித்து அது வரும்.

முதல் சிக்கலிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் டைம்லைனில் வைத்த கிளிப் எதுவும் புராஜெக்ட் கோப்புக்குள் இல்லை. அதன் முகவரி மட்டும்தான் உள்ளே இருக்கிறது. .prproj கோப்பு என்பது சுருக்கி வைக்கப்பட்ட ஓர் எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்பு. 7-Zip போன்ற மென்பொருளால் விரித்துத் திறந்தால், ஒவ்வொரு கிளிப்புக்கும் D:\Kalyanam\0312\CamA\C0014.MP4 என்பது போல டிரைவ் எழுத்து முதல் கோப்பின் பெயர் வரை முழு முகவரி எழுதியிருப்பதை நீங்களே படிக்கலாம். இன்டிசைனும் அப்படித்தான். பக்கத்தில் நீங்கள் பார்ப்பது குறைந்த தெளிவுள்ள ஒரு முன்தோற்றம். அசல் படம் வெளியே இருக்கிறது. வீட்டை மாற்றிவிட்டு அஞ்சல்காரருக்குச் சொல்லாமல் விட்ட கதைதான் இது. கடிதங்கள் இன்னும் பழைய வாசலுக்கே போகின்றன.

பிரீமியர் முழு முகவரியோடு, புராஜெக்ட் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கிளிப் எங்கே இருக்கிறது என்ற சார்பு முகவரியையும் எழுதி வைக்கிறது. அதனால் புராஜெக்ட் கோப்பும் காட்சிகளும் ஒரே தாய்க் கோப்புறையில் இருந்து, அந்தத் தாய்க் கோப்புறை அப்படியே நகர்ந்தால், பெரும்பாலும் தானாகக் கண்டுபிடித்துவிடும். உங்களுடையது சிவப்பாக வந்திருக்கிறது என்றால் புராஜெக்ட் கோப்பு பழைய இடத்திலேயே இருந்திருக்கும். அல்லது நகர்த்தும்போது உள்ளே இருந்த கோப்புறைகளைக் கலைத்திருப்பீர்கள். இரண்டாவதாக இருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் அந்தக் கோப்புறை அமைப்பைப் பழையபடி ஆக்கிவிடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

நாளையே ஆல்பம் அச்சகத்துக்குப் போக வேண்டும், நேரமில்லை என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பழைய முகவரியில் ஒரு பொய்க் கதவு வைப்பது. விண்டோஸில் இதற்கு ஜங்ஷன் என்று பெயர். பழைய இடத்தில் 0312 என்ற பெயரில் எந்தக் கோப்புறையும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, Command Prompt திறந்து இப்படி அடியுங்கள். பவர்ஷெல்லில் இதை நேரடியாக அடித்தால் வேலை செய்யாது.

```
mklink /J "D:\Kalyanam\0312" "C:\Users\studio\OneDrive\Kalyanam\0312"
```

முதலில் வருவது பழைய முகவரி, அடுத்து வருவது இப்போது கோப்புகள் உண்மையில் இருக்கும் இடம். இதன் பிறகு பிரீமியரும் இன்டிசைனும் டி டிரைவைத்தான் தட்டும். கதவைத் திறந்தால் உள்ளே ஒன்டிரைவ் இருக்கும். இரண்டு மென்பொருள்களுக்கும் எதுவும் மாறியதே தெரியாது. வேண்டாமென்றால் rmdir "D:\Kalyanam\0312" என்று அடித்தால் கதவு மட்டும் போகும், கோப்புகள் போகாது. அந்தக் கட்டளையில் /s சேர்த்துவிடாதீர்கள்.

இந்த வழிக்கு வரம்புகள் உண்டு. டி டிரைவ் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் வடிவத்தில் உள்ள வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஜங்ஷன் உருவாகாது. இது அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான். புராஜெக்டுக்குள் இன்னமும் டி டிரைவ் என்றே எழுதியிருப்பதால், அதே புராஜெக்டை வேறு கணினியில் திறந்தால் மறுபடியும் சிவப்புதான். ஒத்திசையும் கோப்புறைக்கு வெளியே நின்று உள்ளே காட்டும் ஜங்ஷன் சரி. ஒத்திசையும் கோப்புறைக்கு உள்ளே ஜங்ஷன் வைத்து வெளியே காட்ட முயலாதீர்கள், ஒன்டிரைவ் அதை ஏற்காது. பழைய கல்யாணங்களைத் திறந்து பார்க்க மட்டும் ஜங்ஷனை நான் பயன்படுத்துவேன். இன்னும் வேலை நடக்கும் புராஜெக்டுக்கு இணைப்பையே புதிய இடத்துக்கு மாற்றிவிடுவதுதான் சரி.

அதைச் செய்யும்போது எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொள்ள உங்களைப் போன்ற ஒரு கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். சோனி கேமராக்கள் இரண்டு. ஒவ்வொரு கார்டிலும் PRIVATE\M4ROOT\CLIP என்ற கோப்புறைக்குள் C0001.MP4, C0002.MP4 என்று கிளிப்புகள் வரிசையாக விழும். புதுக் கார்டு போட்டால் எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவது வழக்கம். அதாவது மணமேடையில் நின்ற முதல் கேமராவிலும் ஒரு C0014.MP4 இருக்கும், பந்தியில் சுற்றிய இரண்டாவது கேமராவிலும் ஒரு C0014.MP4 இருக்கும். பிரீமியரை, ‘போய்த் தேடு’ என்று பெயரை மட்டும் கொடுத்து அனுப்பினால் அது முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளும். ஒரு புராஜெக்டில் தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளம் முழங்க, திரையில் ஒருவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சிவப்பு எதுவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லா இணைப்பும் சரி. இப்படித் தவறாகச் சேர்ந்த இணைப்பு அறுந்த இணைப்பைவிட மோசமானது. அறுந்தது கத்தும், இது பேசாமல் இருக்கும்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பழைய இடத்தில் CamA, CamB என்று தனித்தனியாக இருந்த கோப்புறைகள் புதிய இடத்திலும் அதே பெயரில், அதே அடுக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு புராஜெக்டைத் திறந்தால் Link Media என்ற பெட்டி வரும். காணாமல்போன கிளிப்புகள் அதில் பட்டியலாக இருக்கும், ஒவ்வொன்றின் பழைய முகவரியோடு. கீழே Relink others automatically என்பதில் குறி இருக்கட்டும். முதல் கிளிப்பைத் தேர்ந்து Locate அழுத்துங்கள். அங்கே Search பொத்தானை அழுத்தாமல், இடப்பக்கப் பட்டியலில் நீங்களே CamA வரை நடந்துபோய்ச் சரியான C0014-ஐக் காட்டுங்கள். ஒன்றைக் காட்டியதும், அதைச் சுற்றிப் பழைய அமைப்பில் என்னென்ன எங்கெங்கே இருந்தனவோ அவற்றைப் பிரீமியர் அதே திசையில் தேடி எடுத்துவிடும். கோப்புறை அமைப்பைக் கலைக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். அமைப்பு அப்படியே இருந்தால் எண்ணூறு கிளிப்புகள் ஒரே காட்டலில் வந்துவிடும். கலைந்திருந்தால் பெயரை மட்டும் நம்பித் தேட வேண்டியிருக்கும், அப்பளம் அங்கேதான் வரும்.

வேறு வழியில்லாமல் தேடத்தான் வேண்டும் என்றால், அதே பெட்டியில் Match File Properties என்ற பகுதியில் File Name, File Extension ஆகியவற்றோடு Media Start என்பதையும் சேருங்கள். அது கிளிப்பின் தொடக்க டைம்கோடையும் ஒப்பிடும். இரண்டு கேமராக்களின் டைம்கோடும் வெவ்வேறாக ஓடியிருந்தால் இது காப்பாற்றும். இரண்டுமே ஒவ்வொரு கிளிப்பையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்படி வைத்திருந்தால் உதவாது. அடுத்த கல்யாணத்துக்கு ஒன்று செய்யுங்கள்: கார்டிலிருந்து நகலெடுத்ததும், பிரீமியருக்குள் கொண்டுபோகும் முன்பே, கிளிப்புகளின் பெயருக்கு முன்னால் A_, B_ என்று சேர்த்துவிடுங்கள். உள்ளே கொண்டுபோன பிறகு பெயரை மாற்றினால் அதுவே இணைப்பை அறுக்கும்.

ஆல்பத்துக்கு வருகிறேன். இன்டிசைனின் Links பட்டியலில் சிவப்புக் கேள்விக்குறி வேறு, மஞ்சள் முக்கோணம் வேறு. கேள்விக்குறி என்றால் அந்த முகவரியில் படம் இல்லை. முக்கோணம் என்றால் படம் இருக்கிறது, ஆனால் கடைசியாகப் பார்த்ததிலிருந்து மாறியிருக்கிறது. கோப்புகள் ஒத்திசைந்து வரும்போது தேதி மாறிவிட்டால், படத்தில் ஒரு புள்ளிகூட மாறாமலேயே முக்கோணம் வரலாம். புதுப்பித்துவிட்டால் போதும். கேள்விக்குறிகளுக்கு, பட்டியலில் ஒரே கோப்புறையிலிருந்து வந்த படங்களை மொத்தமாகத் தேர்ந்து, பட்டியலின் மெனுவில் Relink to Folder கொடுத்துப் புதிய கோப்புறையைக் காட்டுங்கள். ஒவ்வொரு கோப்புறையாகத்தான் செய்ய வேண்டும், அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டாம். நிக்கானின் DSC_ எண்கள் 9999-க்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஓடும், இரண்டு கேமரா இருந்தால் கேட்கவே வேண்டாம். தொடங்கும் முன் Preferences-இல் File Handling பகுதிக்குப் போய் Preserve Image Dimensions When Relinking என்பதில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்துக்குள் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த அளவு கலையாமல் இருக்க அது உதவும்.

இன்டிசைனில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. இணைப்பு அறுந்திருந்தாலும் பக்கத்தில் படம் தெரியும். முன்தோற்றம்தான் உள்ளேயே இருக்கிறதே. பிடிஎஃப் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் சரி என்று அழுத்தினால், அந்தக் குறைந்த தெளிவுள்ள முன்தோற்றமே அச்சுக்குப் போகும். திரையில் சிறிதாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எங்கள் அறையில் ஒரு முறை அப்படி ஓர் ஆல்பம் அச்சாகி வந்தது. இரட்டைப் பக்கத்தில் மணப்பெண்ணின் முகம், கண்ணிமைகள் படிக்கட்டு போல. அந்தப் பெட்டியை அழுத்தியது நான்தான். பக்கங்களை மறுபடியும் அச்சடித்த செலவும் என்னுடையதுதான். அன்றிலிருந்து பிடிஎஃப் எடுக்கும் முன் Links பட்டியலில் ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் நான் எழுந்து டீ குடிக்கப் போவதில்லை.

இனி இரண்டாவது சிக்கல். இதுவரை சொன்னது எல்லாம் முகவரி தவறு, பொருள் சரி என்ற நிலை. ஒன்டிரைவில் இதற்கு நேர்மாறான நிலையும் வரும்: முகவரி சரி, பொருள் இல்லை. கோப்பின் பெயரும் அளவும் சின்னப் படமும் கணினியில் தெரியும், ஆனால் உள்ளடக்கம் கிளவுடில் மட்டும் இருக்கும். நீங்கள் கண்ணால் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கண்ணை இங்கே நம்ப முடியாது. ஒரு கிளிப்பின் மேல் வலது சொடுக்கு செய்து Properties பாருங்கள். Size என்பதில் 3.8 ஜிபி என்றும், Size on disk என்பதில் 0 என்றும் இருந்தால் அது வெறும் கூடு. கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் நீல மேகக் குறி இருந்தாலும் அதே பொருள். வெள்ளை வட்டத்துக்குள் பச்சை டிக் என்றால் உள்ளடக்கம் இப்போது கணினியில் இருக்கிறது, ஆனால் பிறகு எடுத்துக்கொள்ளப்படலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் எப்போதும் கணினியில் இருக்கும்படி நீங்கள் சொல்லிவைத்திருக்கிறீர்கள். எடிட்டிங்குக்கு இந்த மூன்றாவது மட்டுமே ஆகும்.

கூடாக இருக்கும் கிளிப்பை பிரீமியர் தொட்டதும் ஒன்டிரைவ் அதைக் கீழே இறக்கத் தொடங்கும். ஒரு வேர்ட் கோப்பு என்றால் கண் சிமிட்டும் நேரம். 3.8 ஜிபி கிளிப் என்றால் பிரீமியர் நின்றுபோகும், அல்லது Media Pending என்று காட்டிக்கொண்டே இருக்கும். புராஜெக்டைத் திறந்ததும் எண்ணூறு கிளிப்புகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்குமே, அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பலர் அதைப் பிரீமியர் உறைந்துவிட்டது என்று எண்ணி Task Manager-இல் மூடிவிடுகிறார்கள்.

இது பத்து நாள் கழித்து வரும் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. விண்டோஸின் Storage Sense அமைப்பில், ஒன்டிரைவ் கோப்பு ஒன்றை இத்தனை நாள் திறக்காமல் இருந்தால் உள்ளடக்கத்தைக் கணினியிலிருந்து நீக்கிக் கூடாக மாற்றிவிடு என்று சொல்ல முடியும். சில கணினிகளில் அது ஏற்கெனவே அப்படி வைக்கப்பட்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குப் போய்விட்டார்கள், பாட்டுத் தேர்வு முடியட்டும் என்று இரண்டு வாரம் வேலையை நிறுத்தி வைத்தால், திரும்பி வரும்போது பச்சை டிக்குகள் மேகங்களாகியிருக்கும். இதைத் தடுக்க, வேலை நடக்கும் கல்யாணத்தின் கோப்புறை மேல் வலது சொடுக்கு செய்து Always keep on this device கொடுங்கள். கோப்புறைக்கே கொடுத்தால் பிறகு உள்ளே வரும் கோப்புகளுக்கும் சேர்த்து அது பொருந்தும். கட்டளையாக அடிப்பது பிடிக்குமென்றால், அந்தக் கோப்புறைக்குள் நின்று இதை அடித்தாலும் இப்போது உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு அதே பலன்.

```
attrib -U +P /S /D
```

இங்கேதான் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் முடிச்சு வருகிறது. நீங்கள் மாற்றியதே டி டிரைவில் இடம் இல்லை என்பதற்காக. ஆனால் எடிட்டிங் செய்ய வேண்டுமானால் உள்ளடக்கம் முழுவதும் கணினியில் இருந்தாக வேண்டும். ஒன்டிரைவ் கோப்புறை வழக்கமாக சி டிரைவில் இருக்கும். அதாவது 300 ஜிபியை டி-யிலிருந்து எடுத்து சி-யில் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வேலை நடக்கும்வரை இடம் ஒரு ஜிபிகூட மிச்சமாகாது. சி டிரைவ் நிரம்பினால் விண்டோஸும் சேர்ந்து திணறும். வேலை நடக்கும் இரண்டு மூன்று கல்யாணங்களைச் சாதாரண டிஸ்க்கில் வைத்து வேலை செய்து, ஒப்படைத்த பிறகு கிளவுடுக்கு அனுப்பி, அங்கே Free up space கொடுத்துக் கூடாக்கிவிடுவதே உங்கள் நிலைக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். ஏற்றும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நொடிக்கு 40 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 300 ஜிபி போய்ச்சேர 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் தடங்கல் இல்லாமல் இருந்தால்.

கிளவுடிலிருந்தே வேலை செய்தாக வேண்டும், ஏனென்றால் இன்னொரு கணினியில் இன்னொருவர் ஆல்பம் செய்கிறார் என்றால், இரண்டு கணினியிலும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் கணினியில் C:\Users\studio\OneDrive, அவருடையதில் C:\Users\album\OneDrive என்று இருந்தால், ஒரே கோப்பு இரண்டு முகவரியில் இருக்கிறது. அவர் திறக்கும்போது அறும், அவர் சரிசெய்து சேமித்தால் உங்களுக்கு அறும். நிறுவனக் கணக்கு என்றால் அந்தக் கோப்புறையின் பெயரிலேயே நிறுவனத்தின் பெயர் சேர்ந்துகொள்ளும். இதற்கு எளிய தீர்வு, இரண்டு கணினியிலும் ஒரே எழுத்துள்ள ஒரு போலி டிரைவை உருவாக்குவது.

```
subst P: "C:\Users\studio\OneDrive\Kalyanam"
```

அவருடைய கணினியில் அவருடைய பாதையைப் போட்டு அதே P: எழுத்தைக் கொடுக்க வேண்டும். இருவரும் எப்போதும் P: வழியாகவே படங்களையும் கிளிப்புகளையும் உள்ளே கொண்டுவந்தால், புராஜெக்டுக்குள் P:\0312\CamA என்றே எழுதப்படும், இரண்டு இடத்திலும் அது உண்மையாக இருக்கும். கணினியை மறுபடி தொடங்கினால் இந்த டிரைவ் மறைந்துவிடும் என்பதால், இந்த வரியை ஒரு .bat கோப்பாக எழுதி Startup கோப்புறையில் போட்டுவிடுங்கள். கூகுள் டிரைவுக்கு மாறினாலும் இதே நோய் வேறு உருவத்தில் வரும். அதன் ஸ்ட்ரீம் முறை G: போன்ற ஒரு டிரைவ் எழுத்தை எடுத்துக்கொண்டு உள்ளே My Drive என்று காட்டும். மொழி அமைப்பை மாற்றினால் அந்த My Drive என்ற பெயரே மாறக்கூடும், முகவரியும் போய்விடும். எடிட்டிங் அறைக்கு அதன் மிரர் முறையைத்தான் நான் வைப்பேன், அதில் கோப்புகள் உண்மையாகவே டிஸ்க்கில் இருக்கும். ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை வைத்திருக்கவும் கூகுள் டிரைவ் அனுமதிக்கும். கணினிக்கு வரும்போது ஒன்றின் பெயரில் (1) சேரும். உங்கள் புராஜெக்ட் தேடுவது எதை என்பது அதிர்ஷ்டம்.

தமிழில் பெயர் வைக்கும் பழக்கம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள், இதை வேறு எங்கும் எளிதில் எழுதியிருக்க மாட்டார்கள். யூனிகோடில் ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ‘கோ’, ‘கௌ’ இரண்டுக்கும் அப்படியே. பழைய மேக் டிஸ்க்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வடிவம் பெயர்களைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து கிளவுட் வழியாக விண்டோஸுக்கு வரும் ‘கொண்டாட்டம்.jpg’ பிரிந்த வடிவிலேயே வரலாம். விண்டோஸில் தட்டச்சு செய்த ‘கொண்டாட்டம்.jpg’ சேர்ந்த வடிவில் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, விண்டோஸுக்கு வேறு வேறு. ஒரு முறை நானூறு படங்களில் சரியாக ‘நலங்கு’ எல்லாம் வந்து ‘ஊர்கோலம்’ மட்டும் அறுந்து நின்றபோது அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தேன். தமிழில் எழுதுவதில் எனக்கு ஆசை அதிகம். ஆனாலும் இணைக்கப்படும் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் வைக்கிறேன்.

புராஜெக்ட் கோப்பையே ஒத்திசையும் கோப்புறைக்குள் வைத்து இருவர் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். இருவரும் சேமித்தால் ஒன்டிரைவ் கணினிப் பெயரைச் சேர்த்து இன்னொரு நகலை உருவாக்கி வைக்கும், எது புதியது என்று தேடுவது உங்கள் வேலையாகும். பிரீமியரின் Media Cache-ஐ Preferences வழியாகவும், முன்னோட்டக் கோப்புகளை Project Settings-இல் உள்ள Scratch Disks வழியாகவும் ஒத்திசைவுக்கு வெளியே வையுங்கள். அவை நிமிடத்துக்கு நிமிடம் மாறுபவை, கிளவுட் அவற்றின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை மாற்றும்போது வெட்டி ஒட்டாமல் நகலெடுங்கள். இரண்டு இடத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட் அளவும் Properties-இல் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பழைய கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் 0312_old என்று மாற்றுங்கள். இந்தப் பெயர் மாற்றத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய கோப்புறை அதே பெயரில் இருந்தால், புராஜெக்ட் பேசாமல் அதையே பிடித்துக்கொண்டு எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும். நீங்கள் நிம்மதியாகப் பழையதை அழித்த அன்றுதான் சிவப்பு வரும். பெயரை மாற்றிவிட்டால் அது அங்கேயே, அப்போதே அறும். பழையது கையில் இருக்கும்போதே மேலே சொன்னபடி இணைத்துப் புதிய பெயரில் சேமித்துவிடலாம்.

சேமித்த பிறகு டி டிரைவை நம்பி இன்னும் ஏதாவது கிளிப் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, .prproj கோப்பின் நகல் ஒன்றை 7-Zip-இல் விரித்து நோட்பேடில் திறந்து D:\Kalyanam என்று தேடுங்கள். மேக்கில் டெர்மினலில் இந்த வரி எல்லா முகவரிகளையும் பட்டியலாகக் காட்டிவிடும்.

```
gunzip -c < 0312.prproj | grep -o "<ActualMediaFilePath>[^<]*" | sort -u
```

நோட்பேடில் அப்படி எதுவும் வராவிட்டாலும், டைம்லைனைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு முறை வேகமாக ஓட்டிப் பாருங்கள், முக்கியமாக முகூர்த்தப் பகுதியை. பிறகு 0312_old கோப்புறையை, ஆல்பமும் அச்சாகி வீடியோவும் வீட்டாரின் கைக்குப் போன பிறகு அழித்தால் போதும்.